கரன்ட் வந்துவிட்டது, ஃப்ரிட்ஜில் இருந்ததைச் சாப்பிடலாமா?

2000-ஆம் ஆண்டு மார்ச் 31. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் தைகி என்றொரு சிற்றூர். அங்கே ஸ்நோ பிராண்ட் என்ற பெரிய பால் நிறுவனத்துக்குப் பால் பவுடர் தொழிற்சாலை ஒன்று இருந்தது. கூரையில் தொங்கிக்கொண்டிருந்த பனிக்கட்டி உடைந்து விழுந்ததில் மின்சார அறை பழுதாகி, தொழிற்சாலை முழுக்கக் கரன்ட் போனது. சுமார் மூன்று மணி நேரம்தான். அந்த நேரத்தில் இயந்திரக் குழாய்களுக்குள் இருந்த பால் குளிர்விக்கப்படாமல் வெதுவெதுப்பாகவே கிடந்தது. கரன்ட் வந்ததும் வேலை தொடர்ந்தது. பால் சூடாக்கப்பட்டது, பவுடரானது, மூட்டையில் ஏறியது.

அந்தப் பவுடரின் ஒரு பகுதி ஒசாகா நகரத்துத் தொழிற்சாலைக்குப் போய், ஜூன் மாத இறுதியில் கொழுப்புக் குறைத்த பாலாகக் கடைகளுக்கு வந்தது. குடித்தவர்களுக்கு ஓரிரு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. 13,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பாலைச் சோதித்தபோது குற்றவாளி சிக்கியது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நஞ்சு அது. பாக்டீரியா எப்போதோ செத்துவிட்டது. பாலைச் சூடாக்கியபோதே அதன் கதை முடிந்திருந்தது. ஆனால் மூன்று மணி நேர மின்வெட்டில் அது பாலுக்குள் விட்டுவைத்த நஞ்சு, சூட்டையும் தாண்டி, உலர்த்தலையும் தாண்டி, மூன்று மாதம் மூட்டைக்குள் காத்திருந்தது.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டு வீட்டுச் சமையலறைக்கு அப்படியே கொண்டுவரலாம். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஃப்ரிட்ஜைத் திறக்கும் எவரும் இரண்டு சோதனைகளைத்தான் செய்கிறார்கள். முதலில் மோந்து பார்ப்பது. சந்தேகமாக இருந்தால், 'எதற்கும் நன்றாகக் கொதிக்க வைத்துவிடுவோம்' என்று அடுப்பில் ஏற்றுவது. பல தலைமுறைகளாக வீட்டைக் காப்பாற்றிய பழக்கங்கள்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டுமே கைவிட்டுவிடும்.

மூக்கின் கதையை முதலில் பார்க்கலாம். உணவில் வளரும் நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே வகையல்ல. ஊசிப்போன வாடை, நூல் விடுவது, புளிப்பு, வழவழப்பு இவற்றையெல்லாம் உண்டாக்குபவை ஒரு கூட்டம். அவை உணவைக் கெடுக்கும். ஆனால் பெரும்பாலும் ஆளைப் படுக்கையில் தள்ளாது. ஆளைத் தள்ளும் சால்மொனெல்லா, ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவை வேறு கூட்டம். அவை நோய் தரும் அளவுக்குப் பெருகிய பிறகும் உணவின் மணம், நிறம், ருசி மாறாமலே இருக்கலாம். ஆகவே நாற்றமடித்தால் கொட்டிவிட வேண்டியதுதான். நாற்றமடிக்காவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது. 'கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்' என்பது இன்னும் மோசமான சோதனை. நஞ்சுக்கு ருசி கிடையாது, சில கிருமிகளுக்குச் சிறு அளவே போதும்.

அடுப்பின் கதை தைகியில் நடந்ததுதான். ஸ்டெஃபிலோகாக்கஸ் நஞ்சு கொதிநிலையிலும் எளிதில் அழியாது. சோற்றில் வளரும் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வாந்தி நஞ்சு அதைவிடப் பிடிவாதமானது. பிரஷர் குக்கருக்கும் அசையாது. மீனிலும் இதே கதை உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிர் இல்லாமல் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் மறுபடி ஃப்ரீசரில் உறைய வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு தடித்து அரிக்கும், தலை வலிக்கும். பலர் இதை 'எனக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஒத்துக்கொள்ளாமல் போனது மீன் அல்ல, அது வெயிலில் கிடந்த நேரம்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? உணவு எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதை வைத்துத்தான். உலக சுகாதார நிறுவனம் 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரைக்கும் உள்ள சூட்டை ஆபத்து வட்டம் என்கிறது. அதற்குள் பாக்டீரியா வேகமாகப் பெருகும். வசதியான சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டால் தெரியும். ஃப்ரிட்ஜ் செய்வதெல்லாம் இந்தப் பெருக்கத்தை மந்தமாக்குவதுதான்; கிருமியைக் கொல்வதில்லை. கரன்ட் போனால் அந்தக் கடிவாளம் மெல்ல அவிழ்கிறது.

எவ்வளவு மெல்ல? அமெரிக்க வேளாண்துறை சொல்லும் கணக்கு நான்கு மணி நேரம். கதவைத் திறக்காமல் மூடியே வைத்திருந்தால் ஃப்ரிட்ஜின் உள்பகுதி அவ்வளவு நேரம் போதிய குளிரைக் காக்கும். ஃப்ரீசர் நிரம்பியிருந்தால் 48 மணி நேரம், பாதிதான் இருந்தால் 24 மணி நேரம். இந்தக் கடைசி இரண்டு எண்களும் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகின்றன. அவற்றை நம்பித்தான் நம் ஊரில் பலர் ஏமாறுகிறார்கள். அவை தனியாக நிற்கும், கனத்த சுவருள்ள, இறுக்கமான கதவுள்ள ஃப்ரீசர்களுக்கான எண்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் ஃப்ரீசர் என்பது மேலே ஒரு சின்னப் பெட்டி, முன்னால் மெல்லிய பிளாஸ்டிக் மூடி. கீழே சூடு ஏறினால் மேலேயும் ஏறும். அந்தப் பெட்டிக்கு இரண்டு நாள் ஆயுள் கிடையாது. உள்ளே பனிக்கட்டி கட்டியாக இருக்கும்வரைதான் அதன் காவல்.

கோடையில் 34 டிகிரி தகிக்கும் சமையலறையில் இந்த நான்கு மணி நேரமும் சுருங்கும். கதவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சுருங்கும். பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் எடுக்கத் திறந்து மூடியதெல்லாம் கணக்கில் சேரும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. பால் பாக்கெட்டுக்கு வரிசை நின்றது. அப்படி ஒரு பகுதியில், முதல் மாடியில், நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிசம்பர் 4, திங்கள் அதிகாலை 4 மணிக்குக் கரன்ட் போகிறது. புதன் மாலை 6 மணிக்கு வருகிறது. மொத்தம் 62 மணி நேரம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். உள்ளே ஞாயிற்றுக்கிழமை வைத்த கோழிக் குழம்பு, டப்பாவில் மீந்த சோறு, இரண்டு பால் பாக்கெட், ஒரு பாத்திரம் தயிர், சனிக்கிழமை அரைத்த இட்லி மாவு, தேங்காய்ச் சட்னி, அரை மூடித் தேங்காய், முட்டை, காய்கறி, வெண்ணெய், ஊறுகாய், ஜாம். மேலே ஃப்ரீசரில் ஒரு கிலோ கானாங்கெளுத்தி, பட்டாணி, ஐஸ்க்ரீம்.

இந்தக் குடும்பத்துக்கு உண்மையில் முக்கியமான நேரம் புதன்கிழமை மாலை அல்ல, திங்கள்கிழமை காலை. 4 மணிக்குப் போன கரன்ட் 7 மணிக்கும் வரவில்லை, வெளியே வெள்ளம் ஏறுகிறது என்றால் அப்போதே கேஸ் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இன்னும் குளிர்ந்திருக்கிறது. கிருமி பெருகவில்லை, நஞ்சு சேரவில்லை. இந்த நேரத்தில் காய்ச்சினால் கொதிக்க வைப்பது வேலை செய்யும். பால் பாக்கெட்டைப் பிரித்துக் காய்ச்சிக் காலையிலேயே காபிக்கும் குழந்தைக்கும் பயன்படுத்தலாம். கோழிக் குழம்பைத் தளதளவென்று கொதிக்க வைத்து மதியத்துக்குள் முடித்துவிடலாம். மீனை எடுத்து உடனே பொரித்துவிடலாம். அது இன்னும் பாறையாக இருக்கும் என்பதால் அதற்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு. சூடுதான் கிருமியைக் கொல்கிறது, ஆனால் கிருமி நஞ்சைச் சுரப்பதற்கு முன்னால் கொல்ல வேண்டும். காலை 7 மணிக்குக் கொதிக்க வைப்பதும் இரவு 7 மணிக்குக் கொதிக்க வைப்பதும் ஒரே செயல், விளைவு வேறு.

இங்கே ஒரு பாட்டி குறுக்கிடுவார்: 'நாங்களெல்லாம் ஃப்ரிட்ஜா வைத்திருந்தோம்? மீன் குழம்பைக் காலையும் மாலையும் சுட வைத்து மூன்று நாள் சாப்பிடவில்லையா?' அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. புளி தாராளமாக விட்ட குழம்பில் பாக்டீரியாவுக்கு இடம் குறைவு. சமைத்த அன்றிலிருந்தே, இடைவெளி விடாமல், தினம் இரண்டு வேளை கொதித்ததால் பெருக்கத்துக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. ஃப்ரிட்ஜில் கிடந்த கோழிக் குழம்பில் இரண்டுமே இல்லை. அதில் புளி குறைவு. கரன்ட் போன பிறகு ஒரு முழு நாள் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு கொதிக்க வைப்பதைப் பாட்டியின் முறை என்று சொல்ல முடியாது.

சரி, குடும்பம் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஃப்ரிட்ஜை மறந்துவிட்டது. புதன் மாலை விளக்கு எரிகிறது. கதவைத் திறந்தால் என்ன செய்வது?

கோழிக் குழம்பு, சோறு, சட்னி, தேங்காய் மூடி, பால் இவை எதற்கும் யோசனை வேண்டாம். குப்பைக்கு. சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சோறு சாப்பிட்டுப் பழகிய ஊரில் 'சோறு கெட்டால் என்ன' என்ற துணிச்சல் இயல்பு. ஆனால் பழைய சோறு என்பது தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு புளிக்க விட்டு, காலையில் சாப்பிடுவது. அந்தப் புளிப்பு சில கிருமிகளைத் தள்ளி வைக்கிறது. மூடிய டப்பாவில் ஈரச் சோறாக 62 மணி நேரம் கிடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாசிலஸ் சீரியஸின் வித்துகள் அரிசி வேகும்போது சாவதில்லை. சூடு ஆறியதும் முளைத்து எழுகின்றன. பாலைக் காய்ச்சினால் திரியாவிட்டால் நல்ல பால் என்று நினைப்பதும் அரைகுறைக் கணக்கு. திரிவது புளிப்பைக் காட்டுகிறது. நஞ்சைக் காட்டாது.

மாவும் தயிரும் வேறு இனம். நாம் வேண்டுமென்றே புளிக்க வைத்தவை இவை. மாவு புளித்ததும் அதன் அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் தலையெடுப்பது கடினம். கரன்ட் போன முதல் நாளில் மாவு பொங்கி வழிந்தால் பதற வேண்டாம். தோசையோ பணியாரமோ ஊற்றிவிடலாம். அன்றைய தயிரை மோராக்கிவிடலாம். அமெரிக்கப் பட்டியல்கள் தயிரையும் கொட்டச் சொல்கின்றன. வீட்டில் வெளியிலேயே வைத்து உறை ஊற்றிப் பழகிய நமக்கு அது கொஞ்சம் அதீதமாகத் தோன்றலாம். முதல் நாளுக்கு அந்தத் தளர்வு நியாயம். ஆனால் மூன்றாம் நாள் மாலை, 62 மணி நேரம் கழித்து, மாவின் மேல் இளஞ்சிவப்போ கருப்போ படர்ந்திருந்தாலும் படராவிட்டாலும் அதைக் காப்பாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. தயிரும் அப்படியே. வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், நீரிழிவோ புற்றுநோய்ச் சிகிச்சையோ உள்ளவர் இருந்தால் முதல் நாள் தளர்வும் வேண்டாம்.

முட்டை ஒரு வேடிக்கையான விஷயம். நம் ஊர்க் கடையில் அது வெளியில்தான் அடுக்கியிருக்கும். அதனால் கரன்ட் போனதும் கெட்டுவிடும் என்பதில்லை. ஆனால் குளிர்ந்த முட்டை திடீரென வெதுவெதுப்புக்கு வந்தால் ஓட்டின் மேல் நீர் முத்து முத்தாகப் பூக்கும். அந்த ஈரத்தோடு கிருமி ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளே நுழைய வழி கிடைக்கும். ஆகவே முதல் நாளிலேயே மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிட்டுவிடுவது நல்லது. நாள்கள் கடந்திருந்தால், ஓடு விரிசல் விட்டிருந்தால், கொட்டிவிடலாம். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது முட்டையின் வயதைத்தான் சொல்லும், அதற்குள் சால்மொனெல்லா இருக்கிறதா என்று சொல்லாது.

மிஞ்சுவது மகிழ்ச்சியான பட்டியல். ஊறுகாய், ஜாம், தக்காளி சாஸ், வெண்ணெய், நெய், கெட்டியான சீஸ், நறுக்காத காய்கறி, முழுப் பழம் எல்லாம் இருக்கட்டும். இவற்றில் உப்போ சர்க்கரையோ அமிலமோ கொழுப்போ மிகுதி, அல்லது தோல் முழுசாக இருக்கிறது. நறுக்கி டப்பாவில் வைத்த காய், பன்னீர், மயோனைஸ் போகட்டும். பிரிக்காத டெட்ரா பேக் பாலுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை.

ஃப்ரீசரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: உள்ளே இன்னும் பனிக்கட்டித் துகள் இருக்கிறதா? மீனை அழுத்திப் பார்த்தால் நடுவில் கடினமாக இருந்து, மேலே பனித்துகள் தட்டுப்பட்டால் அதைச் சமைக்கலாம், மறுபடி உறையவும் வைக்கலாம். ருசியும் பதமும்தான் குறையும். முழுக்க இளகி, பாக்கெட்டில் தண்ணீர் தேங்கி, கைக்குக் குளிர்ச்சியே தெரியாவிட்டால் முடிந்தது. நம் கதையில் 62 மணி நேரத்துக்குப் பிறகு கானாங்கெளுத்தி நிச்சயம் அந்த நிலையில்தான் இருக்கும். ஹிஸ்டமின் சேரும் மீன் வேறு. ஐஸ்க்ரீம் இளகியதென்றால் அதற்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

பனிக்கட்டிக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், அது உருகும்போது ஏராளமான சூட்டை விழுங்குகிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகித் தண்ணீராவதற்கு வேண்டிய வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைச் சுழியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகும் அளவு. புயல் எச்சரிக்கை வந்ததும் காலி பாட்டில்களில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்கி வைப்பது இதனால்தான் பயன்படும். கரன்ட் போனதும் அவற்றில் சிலவற்றைக் கீழ்த் தட்டுக்கு இறக்கலாம். கடலோர ஊர்களில் ஐஸ் கம்பெனியில் பார் வாங்கி உடைத்து, தெர்மாகோல் பெட்டியில் போட்டு மருந்தையும் பாலையும் காப்பாற்றுவதும் இதே கணக்கு.

மருந்து என்றதும் இன்சுலின். அது உணவல்ல என்றாலும் அதே ஃப்ரிட்ஜின் கதவில்தான் இருக்கிறது. பதறிக் குப்பையில் போட வேண்டாம். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள் அதிக வெயில் படாத அறைச் சூட்டில் நான்கு வாரம் வரை தாங்கும். எந்த வகைக்கு எவ்வளவு என்று மருந்துக் கடையிலோ மருத்துவரிடமோ கேட்டு முடிவு செய்யலாம். அதை நேரடியாகப் பனிக்கட்டி மேல் வைத்து உறைய விடுவதுதான் பெரிய தவறு.

இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் ஆளில்லாதபோது கரன்ட் போய் வந்தால்? பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் ஃப்ரிட்ஜ் ஜில்லென்று ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு நாள் செத்துக் கிடந்தது தெரியாது. மறுபடி குளிர்ந்தது பழைய வரலாற்றை மறைத்துவிடுகிறது. ஆனால் தடயங்கள் மிஞ்சும். ஐஸ் ட்ரேயின் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகியிருக்கும். ஐஸ்க்ரீம் டப்பாவில் உள்ளது சுருங்கி, மேலே கண்ணாடி மாதிரிப் படலம் இருக்கும். கறிப் பாக்கெட்டுக்குக் கீழே ரத்தநீர் வழிந்து உறைந்திருக்கும். இவை எதுவும் இல்லாமல் தெரிந்துகொள்ள ஓர் எளிய தந்திரம் உண்டு. கிளம்பும் முன் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது நாணயம் பனிக்கட்டியின் அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. எத்தனை மணி நேரம் என்பதை அது சொல்லாது. ஆனால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு அவ்வளவு போதும்.

இது பணக்கார நாடுகளின் பயம் என்று நினைக்க வேண்டாம். அங்கே நடந்ததைப் பார்த்தால் தெரியும். 2003 ஆகஸ்ட் 14 மாலை அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். நியூயார்க் நகரத்தில் பெரும்பகுதிக்கு மறுநாள் இரவுக்குள் கரன்ட் திரும்பியது. ஆனால் அடுத்த சில நாள்களில் மருத்துவமனைகளுக்கு வயிற்றுப்போக்குடன் வருபவர்கள் கூடியதை நகரச் சுகாதாரத் துறை கவனித்தது. விசாரித்ததில், மின்வெட்டுக்குப் பிறகு இறைச்சியும் கடலுணவும் சாப்பிட்டதோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது. ஆளுக்கொரு ஃப்ரிட்ஜ், நல்ல மருத்துவமனை, ஒரே ஒரு நாள் மின்வெட்டு. அப்படியும் இது நடந்தது.

2012-இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும், 2022-இல் இலங்கையிலும் இருந்தது வேறு வகை. ஒரே நீண்ட வெட்டு அல்ல, தினமும் வெட்டு. இலங்கையில் அது உச்சமாக ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. இப்படி வெட்டி வெட்டி வந்தால் ஃப்ரிட்ஜ் ஒருபோதும் முழுக் குளிருக்குப் போவதில்லை. இரண்டு மணி நேரம் கரன்ட் வருவதற்குள் உள்ளே பாதிதான் ஆறியிருக்கும், அதற்குள் மறுபடி நின்றுவிடும். அந்தக் காலத்தில் மீந்ததைச் சேமிக்காமல், அன்றன்றைக்குச் சமைத்து முடித்ததுதான் பல குடும்பங்கள் கண்டுபிடித்த சரியான வழி. ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் சிறு தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இந்த ஊகமெல்லாம் வேண்டாம். கரன்ட் வரும்போது 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று படித்தால் போதும்.

தீ விபத்து இதிலிருந்து முழுக்க வேறுபட்டது. அங்கே கிருமி மட்டுமல்ல, சூடு, புகை, தீயணைக்கும் ரசாயனம் என்று மூன்றும் வந்து சேர்கின்றன. சமையலறை மூலையில் வயர் பற்றி, புகை மண்டியதும் அண்டை வீட்டார் சிவப்பு சிலிண்டரை அடித்து அணைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ் கருகவில்லை, கதவு மூடியிருந்தது. உள்ளே இருப்பதைக் காப்பாற்றலாம் என்றுதான் தோன்றும். ஆனால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் காற்றைத் தடுக்கும், புகையை முழுக்கத் தடுக்காது. எரிந்த வயர், பிளாஸ்டிக், பெயின்ட் இவற்றின் புகையில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் பல உண்டு. கொழுப்புள்ள உணவுகளில் அந்த வாடை சீக்கிரம் ஏறும். கதவைத் திறந்ததும் புகைவாடை முகத்தில் அடித்தால் உள்ளே உள்ள உணவு மொத்தமும் போக வேண்டியதுதான்.

ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருந்தவற்றுக்கு அளவுகோல் பேக்கிங்தான். பிளாஸ்டிக் கவர், அட்டைப்பெட்டி, சாக்கு எதுவும் புகையையோ அணைப்பான் தூளையோ நிறுத்தாது. அவற்றில் இருந்த அரிசி, பருப்பு, மசாலாவும், வெளியில் கிடந்த காய் பழமும் கழுவினாலும் தேறாது. கண்ணாடி பாட்டில் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு, ஆனால் திருகு மூடியின் மரைக்குள் போன கரியையும் தூளையும் யாராலும் சுத்தம் செய்ய முடியாது. திறக்கும்போது அது உள்ளேதான் விழும். அம்மா போட்ட ஆவக்காய் என்றாலும் அதுதான் விதி, மனசு கேட்காது. தகர டின்களில் மட்டும் சற்று நம்பிக்கை உண்டு. தீக்குப் பக்கத்தில் இருந்து சூடேறியவை, உப்பியவை, விரிந்தவை கூடாது. தூரத்தில் இருந்து வெறும் கரி படிந்தவற்றை லேபிளைக் கிழித்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, வாசனை சேர்க்காத ப்ளீச் ஒரு மேசைக்கரண்டி கலந்த 4 லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் ஊற வைத்து எடுக்கலாம். எவர்சில்வர், பீங்கான் பாத்திரங்களுக்கும் அதே குளியல். மரக் கரண்டி, பிளாஸ்டிக் டப்பா, குழந்தையின் பால் பாட்டில் நிப்பிள் இவற்றுக்கு அது போதாது.

ஃப்ரிட்ஜையே உடனே பிளக்கில் மாட்டி ஓடுகிறதா என்று பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். இப்போது விற்கும் பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்களில் குளிரூட்டும் வாயு ஐசோபியூட்டேன்; அது எரியும் வாயு. சூட்டில் பின்புறக் குழாய் விரிசல் விட்டிருந்தால் ஒரு தீப்பொறிக்காக அது காத்திருக்கும். சன்னலைத் திறந்து வைத்து, எலெக்ட்ரீஷியன் வயரிங்கையும் சர்வீஸ் ஆள் குழாயையும் பார்த்த பிறகு மாட்டலாம். ஓடத் தொடங்கிய பிறகும் உள்ளே 5 டிகிரி வருவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். புதிதாக வாங்கிய பாலை அதுவரை வெளியிலேயே காய்ச்சிப் பயன்படுத்திவிடலாம்.